பேரவைக் கூட்ட அஜெண்டாவும் அதனோடு போக வேண்டிய காகிதங்களும்

"எங்கள் கூட்டுறவுப் பண்டகசாலைக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறேன். ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்கு அஜெண்டாவை எப்படி எழுதுவது, அதனுடன் என்னென்ன இணைப்பது? போன தடவை லாபப் பிரிவினைக்கு வந்தபோது சண்டையாகி, கூட்டம் பாதியிலேயே கலைந்துவிட்டது."

முதலில் போன வருட அஜெண்டாவை எடுத்து, அந்த ஒரு வரி எப்படி எழுதப்பட்டிருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் "பொருள் 5: லாபப் பிரிவினை" என்று இரண்டே சொல்லில் முடிந்திருக்கும். எவ்வளவு லாபம், யார் என்ன பிரிவினையைச் சிபாரிசு செய்கிறார்கள், உறுப்பினர் எதற்குக் கை தூக்க வேண்டும் என்று எதுவும் அதில் இருக்காது. தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டால், கூட்டத்தில் அந்தத் தலைப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முடிவு மட்டும் வராது. இருபது வருடத்துக்கு மேல் சங்கச் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாதி கூட்டத்தில் பிறந்தவை இல்லை. காகிதத்தில் பிறந்து, கூட்டத்தில் வெடித்தவை.

அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: "பொருள் 5: தணிக்கை செய்யப்பட்ட நிகர லாபம் 4,00,000-ஐ இணைப்பு 4-ல் கண்டபடி பிரித்தளிக்கவும், பங்குத் தொகைக்கு 8 சதவீதம் பங்கு ஈவு வழங்கவும் நிர்வாகக் குழு சிபாரிசு செய்கிறது, பேரவை ஒப்புதல் அளிக்கக் கோருதல்." நீளம்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு எதில் முடிவு கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுத வேண்டிய தீர்மானமும் பாதி தயார். நான் கடைப்பிடித்த வழக்கம் இது: அஜெண்டாவில் முடிவு கேட்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரைவுத் தீர்மானமும், அதற்கு ஆதாரமான ஓர் இணைப்பும் இருக்க வேண்டும். வெறுமனே தெரிவிக்கும் பொருள் என்றால் "தகவலுக்காக" என்று பக்கத்தில் போட்டுவிட வேண்டும். இரண்டிலும் சேராத ஒரு பொருள் இருந்தால், அது ஏன் அஜெண்டாவில் இருக்கிறது என்று நிர்வாகக் குழுவைக் கேட்கலாம்.

இனி லாபப் பிரிவினைக்கே வருகிறேன், ஏனென்றால் மற்றக் காகிதங்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கின்றன. நான் வேலை பார்த்த ஒரு சங்கத்தில் நடந்தது. எண்களை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். நாங்கள் எழுதிய கணக்கில் லாபம் 4,60,000. அதை வைத்து நிர்வாகக் குழு கூடி, 9 சதவீதம் ஈவு என்று பேசி முடித்து, அன்று இரவே பிரிவினைப் பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டோம். அப்புறம் தணிக்கையாளர் வந்தார். உறுப்பினர்களிடம் கடனாக நின்ற பாக்கிகளில் மூன்று வருடத்துக்கு மேல் அசையாதவற்றைப் பார்த்து, 60,000-ஐ வாராக்கடனுக்கு ஒதுக்கச் சொன்னார். லாபம் 4,00,000 ஆகிவிட்டது. லாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் திருத்தினோம். பிரிவினைப் பட்டியலைத் திருத்த மறந்துபோனோம். இரண்டும் ஒரே புத்தகத்தில் அச்சாகி உறுப்பினர்களுக்குப் போனது.

கூட்டத்தில் ஒரு பெரியவர், எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிறவர், எழுந்தார். கையில் புத்தகம், இரண்டு இடத்தில் விரலை வைத்துப் பிடித்திருந்தார். "ஏழாம் பக்கத்துல நாலு லட்சம்னு போட்டிருக்கீங்க. பதினஞ்சாம் பக்கத்துல நாலு லட்சத்து அறுபதாயிரத்தைப் பிரிக்கிறீங்க. இதுல எதுங்க நம்ம லாபம்?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார், நான் புத்தகத்தைப் பார்த்தேன். அறுபதாயிரத்தை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள் என்ற பேச்சு இரண்டு நிமிடத்தில் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. உண்மையில் அந்தப் பணத்தை யாரும் தொடவில்லை. ஆனால் அச்சடித்த புத்தகத்தில் இருந்த 9 சதவீதத்தை மேடையில் நின்று 8 ஆக்கியபோது, எங்கள் விளக்கத்தை யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை.

சரியான பட்டியல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம். எங்கள் துணைவிதிப்படி லாபத்தில் குறைந்தது 25 சதவீதம் காப்பு நிதிக்குப் போக வேண்டும், அது 1,00,000. கூட்டுறவுக் கல்வி நிதிக்கு 5 சதவீதம், 20,000. இவை இரண்டும் முதலில் கழிய வேண்டியவை. பேரவை விரும்பினாலும் குறைக்க முடியாது. மீதி 2,80,000-ல்தான் ஈவும், கொள்முதல் தள்ளுபடியும், அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்வதும். உறுப்பினர்கள் அந்த வருடம் வாங்கிய சரக்கின் மொத்த மதிப்பு 50,00,000. அதில் நூற்றுக்கு இரண்டு வீதம் தள்ளுபடி என்றால் 1,00,000. இந்தத் தள்ளுபடிதான் பங்கு ஈவுக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் இடம். யார் எவ்வளவு முதல் போட்டார் என்பதை விட்டு, யார் எவ்வளவு வாங்கினார் என்பதை வைத்து உபரியைத் திருப்பித் தருவது. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊர் நெசவாளர்கள் கூட்டுறவுக் கடை திறந்த காலத்திலிருந்து வருகிற பழக்கம் இது.

ஈவுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. வருடக் கடைசியில் பங்கு முதல் 20,00,000 இருந்தது. 8 சதவீதம் என்றால் 1,60,000 என்று கண்ணை மூடிக்கொண்டு போடத் தோன்றும். ஆனால் அதில் 2,40,000 வருடத்தின் பாதியில் சேர்ந்தவர்கள் செலுத்தியது. எங்கள் துணைவிதி, பங்குத் தொகை சங்கத்தில் இருந்த மாதங்களுக்கு மட்டுமே ஈவு என்று சொல்லியது. ஆறு மாதம் இருந்த 2,40,000-ஐ முழு வருடக் கணக்குக்குக் கொண்டுவந்தால் 1,20,000 ஆகிறது. ஆக, ஈவு கணக்கிட வேண்டிய தொகை 18,80,000. அதில் 8 சதவீதம் 1,50,400. வித்தியாசம் 9,600. பெரிய தொகை இல்லை. ஆனால் தணிக்கையாளர் அடுத்த வருடம் அதைக் குறையாக எழுதுவார், அந்தக் குறையை நீங்கள் அடுத்த பேரவையில் வாசிக்க வேண்டிவரும். கடைசியில் பட்டியல் இப்படி நிற்கும்: காப்பு நிதி 1,00,000, கல்வி நிதி 20,000, ஈவு 1,50,400, தள்ளுபடி 1,00,000, அடுத்த வருடத்துக்கு 29,600. கூட்டினால் சரியாக 4,00,000. இணைப்பு 4 என்பது இந்த ஐந்து வரிகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் துணைவிதிப்படி, எந்தத் தொகையின் மேல், எத்தனை சதவீதம் என்பதும்தான். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

நான் சொன்ன 25, 5 போன்ற வீதங்கள் அந்தச் சங்கத்துடையவை. உங்கள் சங்கத்துக்கு எவ்வளவு என்பதை உங்கள் சட்டத்திலும் துணைவிதியிலும்தான் பார்க்க வேண்டும்; ஈவுக்கு உச்சவரம்பு உண்டா என்பதும் அங்கேதான் இருக்கும். முந்தைய வருட நட்டம் தேங்கி நின்றால் அதைக் கழித்த பிறகுதான் பிரிவினையே என்று பல இடங்களில் விதி உண்டு. ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் தயாராக இருக்கட்டும்: "ஈவை 10 ஆக்குங்கள்" என்று கூட்டத்தில் யாராவது எழுவார்கள். நிர்வாகக் குழு சிபாரிசு செய்ததைப் பேரவை குறைக்கலாம், கூட்ட முடியாது என்று சில துணைவிதிகள் சொல்லும், சில சொல்லாது. அந்தப் பக்கத்தில் ஒரு அடையாளச் சீட்டு வைத்துத் தலைவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பொருள்களின் வரிசையும் இதிலிருந்தே தானாக வரும். முந்தைய பேரவையின் நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்வது முதலில். அங்கே "சரியாக எழுதியிருக்கிறதா" என்பது மட்டுமே கேள்வி, அன்று எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்ற விவாதம் இல்லை. அதை ஒட்டியே, போன தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அரைப் பக்கக் குறிப்பு வைத்துவிட்டால், "போன வருஷம் சொன்னது என்ன ஆச்சு" என்ற கேள்வி கூட்டம் முழுக்கத் துரத்தாது. அடுத்து நிர்வாகக் குழுவின் ஆண்டறிக்கை, அப்புறம் தணிக்கை அறிக்கை, தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளை ஏற்றல், அதன் பிறகே லாபப் பிரிவினை. ஏற்றுக்கொள்ளாத கணக்கின் லாபத்தைப் பிரிக்க முடியாது என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. வரும் வருட வரவு செலவுத் திட்டம், வெளியில் கடன் வாங்கும் உச்சவரம்பு, பேரவைதான் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும் என்றால் அந்த நியமனம், இவை பின்னால் வரும். தேர்தல் இருந்தால் அதற்குத் தனி விதிமுறைகள் உண்டு. அந்த அறிவிப்பைப் பெரும்பாலும் தேர்தல் அலுவலரே தருவார், அதை உங்கள் அஜெண்டாவில் கலக்காமல் இருப்பது நல்லது.

தணிக்கை அறிக்கையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அறிக்கையை அப்படியே அச்சடித்து அனுப்பினால் போதாது, குறைகளுக்குச் சங்கத்தின் பதிலும் கூடவே போக வேண்டும். தணிக்கைப் பத்தி எண், குறை என்ன, எங்கள் பதில், இன்றைய நிலை என்று நான்கு பத்திகளில் ஒரு பட்டியல். கடைசிப் பத்தியில் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதாதீர்கள். அந்த வார்த்தையைப் படித்துப் படித்து உறுப்பினர்களுக்குச் சலித்துவிட்டது. "17 பாக்கிதாரர்களில் 11 பேர் செலுத்திவிட்டனர், மீதி 6 பேருக்கு இறுதி அறிவிப்பு அனுப்பப்பட்டது, தேதி இது" என்று எழுதினால் அந்தப் பத்தியில் யாரும் கேள்வியே கேட்க மாட்டார்கள். நிறைவேறாதது இருந்தால் நிறைவேறவில்லை என்றே எழுதுங்கள். மேலே நான் சொன்ன 60,000 விவகாரத்தில் இந்தப் பட்டியல் சரியாக இருந்திருந்தால், லாபம் ஏன் குறைந்தது என்பது அந்தப் பெரியவருக்குக் கூட்டத்துக்கு வரும் முன்பே தெரிந்திருக்கும்.

துணைவிதித் திருத்தம் இந்த வருடம் இருந்தால் இரண்டு விஷயம். முதலாவது, அதற்கான இணைப்பில் இப்போதைய வாசகம், திருத்திய வாசகம், காரணம் என்று மூன்று பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். "துணைவிதி 22-ஐத் திருத்துதல்" என்று மட்டும் போட்டு அனுப்பிய திருத்தத்தைப் பதிவாளர் அலுவலகம் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, வாக்கு எண்ணிக்கை. திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதில் மூன்றில் இரண்டு? 120 பேர் வந்திருந்து, 90 பேர் மட்டும் வாக்களித்து, 62 பேர் ஆதரித்தால், "வந்திருந்து வாக்களித்தவர்" என்ற விதிப்படி 60 போதும், திருத்தம் நிறைவேறியது. "வந்திருந்தவர்" என்ற விதிப்படி 80 வேண்டும், தோற்றுப்போனது. அதனால் உங்கள் விதியின் வாசகத்தையே அந்தப் பொருளுக்குக் கீழே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள், எண்ணிக்கையையும் அன்றே குறிப்பேட்டில் எண்ணால் எழுதுங்கள். "பெரும்பான்மையோர் ஆதரித்தனர்" என்று எழுதிய தீர்மானம் பின்னால் உதவாது. சில சங்கங்கள் ஈவு உச்சவரம்பைக் கூட்டும் திருத்தத்தை அஜெண்டாவில் மேலே வைத்து, அது நிறைவேறியதும் அதே கூட்டத்தில் கூடுதல் ஈவு கொடுக்கப் பார்க்கும். திருத்தத்தைப் பதிவாளர் பதிவு செய்த பிறகே அது செல்லும் என்று உள்ள இடங்களில் இது நடக்காது. அன்றைய பிரிவினை பழைய விதிப்படிதான்.

"தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்ற கடைசி வரியை எல்லோரும் போடுகிறார்கள், நீங்களும் போடலாம். ஆனால் அதில் என்ன வரலாம் என்பதற்கு நான் வைத்திருந்த சோதனை ஒன்றுதான். அஜெண்டாவைப் படித்துவிட்டு, "இதில் எனக்கு ஒன்றும் இல்லை" என்று வீட்டிலேயே இருந்துவிட்ட உறுப்பினர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முடிவைக் கேட்டால் "தெரிந்திருந்தால் வந்திருப்பேனே" என்று அவர் சொல்வாரா? சொல்வார் என்றால் அந்தப் பொருளில் அன்று முடிவெடுக்கக் கூடாது. நிலம் வாங்குவது, கடன் தள்ளுபடி, ஒரு உறுப்பினரை நீக்குவது, இவையெல்லாம் அந்த வழியாக நுழையப் பார்க்கும். பேசலாம், நிர்வாகக் குழு பரிசீலிக்கட்டும் என்று பதிவு செய்யலாம், அவ்வளவுதான்.

அறிவிப்பு நாட்களைப் பற்றி. துணைவிதியில் "15 தெளிவான நாட்கள்" என்று இருந்தால் அறிவிப்புக் கொடுத்த நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேராது. கூட்டம் 28-ஆம் தேதி என்றால், 13 முதல் 27 வரை பதினைந்து நாட்கள். அறிவிப்பு 12-ஆம் தேதியாவது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். தபாலில் அனுப்புவதாக இருந்தால், அனுப்பிய நாளா சேர்ந்த நாளா எது கணக்கு என்று விதியைப் பார்த்து, இன்னும் சில நாள் முன்னால் போங்கள். அனுப்பியதற்கான சான்றைக் கோப்பில் வைக்க மறக்காதீர்கள். எனக்கு அறிவிப்பே வரவில்லை என்று வழக்குப் போகும்போது அந்த ஒரு கட்டுத்தான் உங்களைக் காப்பாற்றும். முழுக் கணக்கையும் எல்லோருக்கும் அச்சடித்து அனுப்பச் சங்கத்துக்கு வசதி இல்லை என்றால், விதி அனுமதிக்கும் இடத்தில் சுருக்கத்தை அனுப்பி, முழுக் கணக்கை அலுவலகத்தில் எந்தத் தேதி முதல் எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று அறிவிப்பிலேயே போடலாம். அப்படிப் போட்டால் அந்த நேரத்தில் அலுவலகம் திறந்திருக்க வேண்டும், பார்க்கக் கேட்டதும் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்க வேண்டும்.

அறிவிப்பின் அடியில் இன்னொரு வரியும் வேண்டும். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் குறைவெண், அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தது வந்திருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை, சேராவிட்டால் கூட்டம் எப்போது, எங்கே மறுபடி கூடும் என்பது. ஒத்திவைத்த கூட்டத்தில் பழைய அஜெண்டாவைத் தவிர புதிதாக எதையும் எடுக்க முடியாது. துணைவிதித் திருத்தத்துக்கு மட்டும் ஒத்திவைத்த கூட்டத்திலும் குறைவெண் கட்டாயம் என்று சில விதிகளில் உண்டு. வாசலில் வருகைப் பதிவேடு வைத்து, உறுப்பினர் எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் தொடங்கிய நேரத்தில் எத்தனை கையெழுத்து என்று கீழே ஒரு கோடு போட்டுத் தலைவர் கையொப்பமிட்டால், பின்னால் யாரும் எண்ணிக்கையைக் கிளற முடியாது.

கடைசியாக, அச்சுக்குப் போகும் முந்தின நாள் ஒரு வேலை. 4,60,000 பாடத்துக்குப் பிறகு நான் ஒரு வருடமும் இதை விட்டதில்லை. இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் தணிக்கையாளர் கையொப்பமிட்ட அசல் கணக்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அச்சுப் பிரதியிலிருந்து எண்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நிகர லாபம் என்று ஒன்று ஆண்டறிக்கையில் வரும், லாப நட்டக் கணக்கில் வரும், இருப்புநிலைக் குறிப்பில் வரும், பிரிவினைப் பட்டியலில் வரும், அஜெண்டா வரியிலும் வரும். ஐந்து இடத்திலும் ஒரே எண்ணா என்று பாருங்கள். பங்கு முதலையும் அப்படியே பாருங்கள். அசலைப் பிடித்திருப்பவர் கணக்கு எழுதியவராக இருக்கக் கூடாது. எழுதியவர் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது, எனக்கும் தெரியவில்லை.